24 பைகள், ஒரு தப்புக் கணக்கு

கிறிஸ்துமஸ் வரும்வரை, டிசம்பர் 1 முதல் பிள்ளைகள் நாளுக்கு ஒரு பையாகத் திறந்து பரிசு எடுக்க, முதல் வருடம் நான் தைத்த துணிக் காலண்டரில் 24 பைகளும் அச்சில் வார்த்தாற்போல் இருந்தன. ஒவ்வொன்றும் 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். பின்துணியில் கோடு போட்டு, சதுரம் சதுரமாக வெட்டி, மூன்று பக்கமும் தைத்து, சுவரில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. நவம்பர் 30 இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு பரிசுகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். முதல் பைக்கு ஒரு சின்ன பொம்மைக் கார். அகலம் 3 செ.மீ., உயரம் இரண்டரை செ.மீ. தள்ளித்தான் நுழைக்க வேண்டியிருந்தது. நுழைந்தது, ஆனால் பின்துணி உள்பக்கமாக வளைந்தது. பத்தாவது பை நிரம்பும்போது மொத்தத் துணியும் வெயிலில் காய்ந்த சருகு மாதிரி சுருண்டுகொண்டு நின்றது. ஓரங்கள் முன்னால் வந்துவிட்டன, நடுவரிசை தொங்கியது.

காரணம் பிறகுதான் புரிந்தது. 10 செ.மீ. பின்துணிமேல் 10 செ.மீ. பைத்துணியை வைத்துத் தைத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வாழ்த்து அட்டை போகும், ஸ்டிக்கர் போகும். தடிமனான பொருளைப் போட்டால் முன்துணி அதன்மேல் ஏறி இறங்க வேண்டும், அதற்குக் கூடுதல் துணி வேண்டும். முன்னால் அது இல்லாததால் பின்துணியை இழுத்துக்கொள்கிறது. ஒரு பை ஒன்றரை செ.மீ. இழுத்தாலே, வரிசைக்கு நான்கு பைகள் என்றால் காலண்டர் கிட்டத்தட்ட 6 செ.மீ. குறுகிவிடும். என் காலண்டருக்கு நடந்தது அதுதான்.

பைகளை ஒட்டி, மாட்டி, நிரப்பும் இந்த வேலைக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதை உண்டு. ஜெர்மனியில் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுவதற்காகக் கதவில் சாக்பீஸ் கோடு போட்டு, நாளுக்கு ஒன்றாக அழிப்பார்களாம். பிற்பாடு மியூனிக்கில் அச்சுத்தொழில் செய்த கெர்ஹார்ட் லாங் என்பவர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை அச்சுக் காலண்டராக்கினார். சிறுவயதில் அவருடைய அம்மா ஒரு அட்டையில் 24 தின்பண்டங்களைப் பொருத்திக் கொடுத்து, தினமும் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னதுதான் அதற்கு விதை என்று சொல்வார்கள். ஆகவே கையால் செய்ததுதான் முதலில், கடைச்சரக்கு அப்புறம். இன்னொன்று: தேவாலயக் கணக்கில் திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு தொடங்குகிறது. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழும், நாள் கணக்கும் 22 முதல் 28 வரை மாறும். டிசம்பர் 1 முதல் 24 வரை என்று வைத்துக்கொண்டதால்தான் ஒரே காலண்டரை வருடா வருடம் மாட்ட முடிகிறது.

சரி, பைக்கு வருவோம். இரண்டாம் வருடம் நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. பையில் போகப்போகிற ஆகத் தடித்த பொருளின் தடிமனை அளந்து, அதன் இருமடங்கைப் பையின் அகலத்தோடு கூட்ட வேண்டும். எனக்குத் தோதான தடிமன் 2 செ.மீ. பையின் அகலம் 11 செ.மீ. ஆகவே முன்துணி 15 செ.மீ. அந்தக் கூடுதல் 4 செ.மீ. பையின் இரண்டு ஓரத்திலும் மடிப்பாக உட்கார்ந்திருக்கும், பொருள் உள்ளே போகும்போது விரிந்து கொடுக்கும். பாவாடைக்குப் பிளீட் வைக்கிற அதே வேலைதான்.

சதுரம் சதுரமாக வெட்டாமல், ஒரு வரிசைக்கு ஒரே நீளப் பட்டையாக வெட்டுவது இதில் பாதி வேலையை மிச்சப்படுத்தும். நான் வரிசைக்கு நான்கு பை, ஆறு வரிசை வைத்தேன். பட்டையின் நீளம் 15 செ.மீ. வீதம் நான்கு பைக்கு 60, இரண்டு முனையும் உள்ளே மடிக்க ஒவ்வொரு செ.மீ., ஆக 62. அகலம் 15: மேலே ஓரம் மடிக்க 3, கீழே 1, மீதி 11 பையின் உயரம். இப்படி ஆறு பட்டைகள். பின்துணி கெட்டியாக இருக்க வேண்டும், கான்வாஸ் அல்லது ஜீன்ஸ் துணி. அகலம் 56 செ.மீ., உயரம் 1 மீட்டர். பக்கத்துக்கு 2 செ.மீ. மடித்துத் தைத்தால் 52 நிற்கும். நடுவில் பைகளுக்கு 44, இரண்டு பக்கமும் 4 செ.மீ. வெற்றிடம். மேலேயும் கீழேயும் கழி நுழையக் குழாய்போல மடிக்க 5 செ.மீ. வீதம் விட்டுவிட வேண்டும். மீதியுள்ள இடத்தில் ஒரு பையின் அடியிலிருந்து அடுத்த பையின் அடிக்கு 14 செ.மீ. என்று வரிசைகள் சரியாக உட்காரும். அதாவது பைக்கு மேலே 3 செ.மீ. இடைவெளி, கை போக அது போதும்.

இனி தைக்கிற வரிசை. இதில்தான் நான் ஒரு பட்டையை முழுதாகப் பிரிக்க வேண்டி வந்தது. மடிப்பை முதலில் அயர்ன் செய்து, பட்டையின் அடியைத் தைத்து, கடைசியில் பைகளைப் பிரிக்கிற நெடுக்குத் தையலைப் போட்டேன். அந்தத் தையல் பக்கத்து மடிப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, மடிப்பு அழகாகத்தான் இருக்கும். பைக்குள் இரண்டு விரலை நுழைத்து விரித்துப் பார்த்தால் விரியாது. மடிப்பைக் கொடுத்தும் பை பழையபடி தட்டையாகவே நின்றது.

சரியான வரிசை இது. முதலில் பட்டையின் மேல் ஓரத்தை மடித்துத் தைத்துவிட வேண்டும். கீழ் ஓரத்தையும் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு செ.மீ. உள்ளே மடித்து அயர்ன் மட்டும் செய்ய வேண்டும். பட்டையின் மறுபக்கத்தில் 15 செ.மீ.க்கு ஒரு கோடு, பின்துணியில் 11 செ.மீ.க்கு ஒரு கோடு. கோட்டின்மேல் கோட்டை வைத்து, குண்டூசி குத்தி, நெடுக்குத் தையல்களை முதலில் போட்டுவிட வேண்டும், இரண்டு முனைகளையும் சேர்த்து. இப்போது ஒவ்வொரு பையும் குடைபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம். நெடுக்குத் தையலிலிருந்து இரண்டு பக்கமும் 2 செ.மீ. தள்ளி உள்ள துணியைப் பிடித்து, தையல் கோட்டுக்கே இழுத்துவந்து படிய வைத்தால் பக்கத்துக்கு ஒரு மடிப்பு விழும், முன்துணி 11 செ.மீ.க்குத் தட்டையாகப் படுக்கும். அதன் பிறகு கடைசியாக அடித்தையல். அது மட்டுமே மடிப்பைப் பிடிக்கும், மேலே மடிப்பு சுதந்திரமாக இருக்கும்.

மடிப்பு விழுகிற இடத்தில் பின்துணியோடு சேர்த்து ஏழு அடுக்குத் துணி சேர்கிறது. அங்கே மெஷினைக் கால்மிதியில் ஓட்டாமல் கையால் சக்கரத்தைச் சுற்றித் தாண்டுவது நல்லது. ஜீன்ஸ் ஊசி, 100/16 எண் உள்ளது, போட்டுக்கொண்டால் ஊசி எளிதில் உடையாது. பையின் வாயருகே நெடுக்குத் தையல் முடிகிற இடத்தில் முன்னும் பின்னுமாக நாலைந்து முறை ஓட்டிக் கட்ட வேண்டும். பிள்ளைகள் பையைத் திறப்பதில்லை, பிளக்கிறார்கள். முதலில் பிரிவது அந்த முனைதான்.

மெஷின் இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. ஒரு கயிறு, 24 காகித உறை, 24 கிளிப் இருந்தால் காலண்டர் தயார். உறைக்குத் தடிமன் பிரச்சினையும் கிடையாது. அடுத்த வருடம் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எண்களை நான் பைமேல் தைக்கவில்லை. ஃபெல்ட் துணியில் வெட்டி வெல்க்ரோவில் ஒட்ட வைத்தேன். பைமேல் வெல்க்ரோவின் மெத்துப் பக்கம், எண்ணின் பின்னால் முள் பக்கம். மாற்றி வைத்தால் காலண்டரைச் சுருட்டி வைக்கும்போது முள் பக்கம் துணியில் மாட்டி நூலைப் பிய்த்துவிடும். எண்கள் கழன்று வருவதில் ஒரு வசதி உண்டு. தேதி எண்ணாக இல்லாமல் “இன்னும் இத்தனை நாள்” என்று மாற்றி ஒட்டினால் எந்தப் பண்டிகைக்கும் அதே துணி ஆகும். ரமலானுக்குச் செய்கிறவர்கள் 30 பை தைக்கிறார்கள். அங்கே வேறொரு சிக்கல்: பிறை தெரிவதைப் பொறுத்து மாதம் 29 நாளிலும் முடியும், 30 நாளிலும் முடியும். அதனால் முக்கியமானதை 29-ல் வைத்துவிட வேண்டும். 30-வது பைக்கு, வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் யாரும் அழமாட்டார்கள் என்கிற மாதிரி ஏதாவது.

இப்போது எண்களை எந்த வரிசையில் ஒட்டுவது? முதல் வருடம் படிக்கிற வழக்கப்படி மேலிருந்து கீழாக ஒட்டினேன். மேல் வரிசையில் 1, 2, 3, 4. ஆகக் கீழே 21 முதல் 24 வரை. சின்னவனுக்கு அப்போது இரண்டரை வயது. அவன் கைக்கு எட்டுகிற ஒரே வரிசை எது? டிசம்பர் 5 காலையில் நான் சமையலறையில் இருந்தபோது கடைசி வரிசை நான்கையும் காலிசெய்துவிட்டான். நான் வந்து பார்த்தபோது 24-ம் பையில் வைத்திருந்த குட்டிச் சலங்கை மணி அவன் வாயில் இருந்தது. விரலை விட்டு எடுத்தேன். அன்று முழுவதும் எனக்குக் கை நடுங்கியது.

பெரியவள் வந்து, நான்கு வெறும் பையையும் பார்த்துவிட்டு, “அம்மா, அப்போ இவனுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் வந்திடுச்சா?” என்றாள்.

இப்போது கீழிருந்து மேலே ஒட்டுகிறேன். தரைக்குப் பக்கத்து வரிசையில் 1 முதல் 4. பிள்ளை எட்டுகிற பைகள் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். பெரிய பரிசுகள் வருகிற பைகள் அவன் தலைக்கு மேலே இருக்கும். கடைசி வாரம் அவனைத் தூக்கிப் பிடித்தால்தான் பை எட்டும், அது அவனுக்கே பிடித்திருக்கிறது. எண்களைக் கலைத்து ஒட்டினால் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்பது உண்மைதான், எண் படிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு. ஆனால் சின்னப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வரிசையாக இருந்தால் முடிந்த பைகள் ஒரு பக்கம், மீதியுள்ளவை ஒரு பக்கம் என்று எண்ணாமலே தெரியும்.

மணி விஷயத்துக்குப் பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு குட்டி உருளை உண்டு, உள்விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கிவிடுகிற பொருள் அந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிவருகிற அட்டைக் குழாயை வைத்துப் பார்க்கலாம். அது அந்த உருளையைவிடச் சற்று அகலமானது, அதனால் சோதனை இன்னும் கறாராகவே இருக்கும். குழாய்க்குள் விழுகிற எதையும் பையில் வைப்பதில்லை. பட்டன் பேட்டரி போட்ட விளக்குப் பொம்மைகளையும், குட்டிக் காந்தங்களையும் எந்த வயதுக்கும் வைப்பதில்லை. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

அப்படியென்றால் 24 நாளும் எதைத்தான் வைப்பது? இரண்டு பிள்ளைகள் என்றால் 48 பொருள். அதை யோசித்துத்தான் எனக்கு முதல் வருடம் மூச்சு முட்டியது. பாதி பொம்மை இரண்டே நாளில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இரண்டாம் வருடம் ஒரே ஒரு பொருள்தான் வாங்கினேன்: 48 துண்டு உள்ள படப்புதிர். நாளுக்கு இரண்டு துண்டு, ஆளுக்கு ஒன்று. 24 நாளில் படம் முடியும்.

கேட்க எளிது. ஆனால் துண்டுகளைக் கலைத்து அள்ளிப் போட்டால் கெட்டுப்போகும். முதல் வாரத்தில் கையில் பதினான்கு துண்டு இருக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சேரும். பிள்ளைகளுக்கு அது வெறும் அட்டை. மூன்றாம் நாளே ஆர்வம் போய்விடும். அதனால் படத்தை நான் முதலில் தனியாக உட்கார்ந்து முழுதாகச் சேர்த்தேன், போனில் படமெடுத்துக்கொண்டேன், பிறகு தலைகீழாகத் திருப்பி, எந்தத் துண்டு எந்த நாளுக்கு என்று பின்னால் பென்சிலால் எண் எழுதினேன். என்னுடையது ஆறு வரிசை, எட்டுப் பத்தி. அதில் ஓரத்துத் துண்டுகள் எத்தனை என்று எண்ணினால் சரியாக 24. உள்ளே மீதி 24. முதல் 12 நாளும் ஓரம் மட்டும். டிசம்பர் 1 அன்று ஒரு மூலையும் அதன் பக்கத்துத் துண்டும், அடுத்த நாள் அதை ஒட்டிய இரண்டு. ஒவ்வொரு நாளும் வந்த இரண்டும் ஒன்றோடொன்று சேரும், நேற்றையதோடும் சேரும். 12-ம் தேதி சட்டம் மூடிவிடும். அதற்குள் இது என்ன படம் என்று இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது, ஏனென்றால் ஓரத்தில் தெரிவதெல்லாம் கருநீலமும் கொஞ்சம் வெள்ளையும்தான். பெட்டியை நான் காட்டவில்லை. “இது வானம்” என்றாள் பெரியவள். “கடல்” என்றான் சின்னவன். 15-ம் தேதி ஒரு துடுப்பு வந்தது. சின்னவன் அன்று தரையில் காலே வைக்கவில்லை. படகில் இருப்பவர் கையிலுள்ள விளக்கு இரண்டு துண்டுகளில் பாதிப் பாதியாக வரும். அது 24-ம் தேதிக்கு.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 48 துண்டுப் புதிர்களில் துண்டு பெரிதாக இருக்கும், என்னுடையது 6 செ.மீ.க்கு மேல். பையில் போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். 24 நாளும் அரைகுறைப் படம் கலையாமல் இருக்க ஒரு கெட்டி அட்டை வேண்டும், இரவில் அதை அலமாரிக்கு மேலே ஏற்றிவிடலாம். ஒரு துண்டு தொலைந்தால் மொத்தமும் வீண். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே பைகளில் போடுவதில்லை. எண் எழுதிய உறைகளில் என்னிடமே வைத்துக்கொண்டு, முந்தின இரவு மட்டும் மறுநாள் பையில் போடுகிறேன். இதனால் துணியிலும் பாரம் இல்லை. எல்லாவற்றையும் நிரப்பினால், ஒரு பையில் 40 கிராம் என்றால்கூட 24-க்கு ஏறத்தாழ ஒரு கிலோ, கழியை ஒரே ஆணியில் மாட்டினால் பக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டு ஆணிதான் சரி.

இரவில் நிரப்புவதில் இன்னொரு லாபமும் உண்டு. வாரத்துக்கு ஓரிரு நாள் படத்துண்டோடு ஒரு சீட்டும் வைப்பேன்: “இன்று விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் கதை”, “இன்று அப்பா குதிரை” என்கிற மாதிரி. முதல் வருடம் இருபத்திநான்கையும் நவம்பரிலேயே எழுதி வைத்தேன். “இன்று மொட்டைமாடியில் நட்சத்திரம் எண்ணலாம்” என்று சீட்டு வந்த இரவு கொட்டுகொட்டென்று மழை. வேலை முடிந்து வீடு திரும்பவே இரவு ஒன்பதாகிற ஒரு நாளில் “அம்மாவோடு ஒரு மணி நேரம் படம் வரையலாம்” என்று வந்து நின்றது. கொடுத்த வாக்கைத் தள்ளிப்போட்டால் பிள்ளைகள் விடுவார்களா? இப்போது மறுநாள் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் சீட்டு எழுதுகிறேன். தலைவலி நாட்களில் “அப்பா குதிரை” ரொம்பக் கைகொடுக்கிறது. அப்பாவின் கருத்தை நான் கேட்பதில்லை.

இந்த வருடம் பெரியவள் தானும் நிரப்பப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒற்றைப்படை நாள் அவள், இரட்டைப்படை நான். தம்பிக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த மரப் பம்பரத்தை நேற்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். இஞ்சு டேப்பை எடுத்துக் குறுக்கே அளந்தாள், அப்புறம் நெடுக்கே அளந்தாள். பையின் மடிப்பை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்.

“நட்டமா போகாதும்மா. படுக்க வச்சா போகும்,” என்றாள். பிறகு பம்பரத்தின் ஆணியை உற்றுப் பார்த்தாள். “ஆனா இவன் கையில ஆணியோட குடுக்கலாமா?”

பம்பரம் இப்போதைக்கு அலமாரிக்கு மேலே இருக்கிறது.